மின்னாமல் போன 57 தடவைகள்

1910-ஆம் ஆண்டு எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் உள்ள ஒரு சிறிய அட்டவணை இன்றும் புள்ளியியல் பாடப் புத்தகங்களில் இடம்பெறுகிறது. அந்த அட்டவணைக்காக மான்செஸ்டர் ஆய்வகத்தில் நடந்த வேலை, விவரிக்க எளியது, செய்ய அலுப்பூட்டுவது. பொலோனியம் என்ற கதிரியக்கப் பொருளைத் துத்தநாக சல்ஃபைடு பூசிய ஒரு திரைக்கு எதிரே வைத்தார்கள். பொலோனியத்திலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் திரையில் மோதும்போது ஊசிமுனை அளவுக்கு ஓர் ஒளி மின்னி மறையும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர், மின்னல் தெரிந்ததும் கையால் ஒரு மின்சுற்றை மூடுவார். ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு குறி விழும். பிறகு நாடாவை ஏழரை விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எத்தனை குறிகள் என்று எண்ணினார்கள்.

மொத்தம் 2608 துண்டுகள், 10,097 மின்னல்கள். ஒரு துண்டுக்குச் சராசரியாக 3.87. நான்கு மின்னல்கள் விழுந்த துண்டுகள்தான் அதிகம்: 532. பதினான்கு மின்னல்கள் விழுந்த துண்டும் ஒன்று உண்டு. ஒரு மின்னல்கூட விழாத துண்டுகள் 57.

அந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இந்த 57-தான். ஏழரை விநாடி என்பது நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பவருக்கு நீண்ட நேரம். சராசரியாக இரண்டு விநாடிக்கு ஒன்று மின்னிக்கொண்டிருந்த திரை, அந்த 57 துண்டுகளில் மட்டும் சும்மா இருந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. தற்செயலாக நடக்கும் நிகழ்வுகளின் இயல்பே அதுதான். சில நேரம் கொத்தாக வரும், சில நேரம் நெடுநேரம் வராது.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ரூதர்ஃபோர்டின் அந்தத் திரையைக் கணினியில் மறுபடி உருவாக்க வேண்டும். பொலோனியமும் கிடையாது, திரையும் கிடையாது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று: கேட்கும்போதெல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையே ஏதாவது ஓர் எண்ணைக் கொடுக்கும் கணினிக் கட்டளை. இந்த எண்களை ரேண்டம் எண்கள் என்கிறோம். பாடநூல்கள் சமவாய்ப்பு எண்கள் என்று சொல்லும். அவற்றின் குணம் ஒன்றுதான்: எந்தப் பகுதிக்கும் சலுகை கிடையாது. 0.1-க்குக் கீழே பத்தில் ஒரு பங்கு விழும், 0.4-க்கும் 0.5-க்கும் இடையே பத்தில் ஒரு பங்கு விழும், 0.9-க்கு மேலே பத்தில் ஒரு பங்கு விழும். இந்தச் சீரான எண்களிலிருந்து, மின்னலுக்கும் மின்னலுக்கும் இடையே உள்ள சீரற்ற காத்திருப்பு நேரங்களை எப்படி எடுப்பது?

முதலில் தோன்றும் வழி எளிது. 10,097 மின்னல்களுக்கு ஆன மொத்த நேரம் 2608 × 7.5, அதாவது 19,560 விநாடி. வகுத்தால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 1.937 விநாடி. அப்படியானால் ரேண்டம் எண்ணை 3.874-ஆல் பெருக்கிவிடலாமே! 0 முதல் 3.874 விநாடி வரை சீராகப் பரவிய காத்திருப்பு நேரங்கள் கிடைக்கும். அவற்றின் சராசரி சரியாக 1.937. மொத்த மின்னல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய 10,097 என்றே வரும்.

ஆனால் இந்த முறையில் எந்தக் காத்திருப்பும் 3.874 விநாடியைத் தாண்ட முடியாது. ஆகவே ஏழரை விநாடித் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு மின்னலாவது விழுந்தே தீரும். மான்செஸ்டரில் 57 என்று வந்த இடத்தில் இந்தப் போலித் திரை பூஜ்யம் காட்டும், எத்தனை ஆயிரம் முறை ஓட்டினாலும் பூஜ்யமே காட்டும். சராசரியைச் சரியாக வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. காத்திருப்பு நேரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதே முக்கியம். அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்கு வேண்டியது ஒரே ஓர் அனுமானம். எந்த ஒரு சிறு கணத்திலும் மின்னல் விழும் வாய்ப்பு ஒரே மாதிரி இருக்கிறது. இதற்கு முன் என்ன நடந்தது என்பதை அது பார்ப்பதில்லை. கடைசி மின்னல் இப்போதுதான் விழுந்ததா, பத்து விநாடிக்கு முன் விழுந்ததா என்பது பொலோனியத்துக்குத் தெரியாது. ஒரு விநாடிக்கு இத்தனை மின்னல் என்ற வீதத்தை λ என்று குறிப்போம். நம் கணக்கில் அது 10,097-ஐ 19,560-ஆல் வகுத்தது, அதாவது விநாடிக்கு 0.516.

இப்போது ஒரு விநாடி முழுதும் மின்னலே விழாமல் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்போம். விநாடியைப் பத்தாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் மின்னல் விழும் வாய்ப்பு ஏறக்குறைய 0.0516. விழாத வாய்ப்பு 0.9484. பத்துத் துண்டிலும் விழாமல் இருக்க வேண்டும், ஒன்றின் முடிவு மற்றதைப் பாதிப்பதில்லை. ஆகவே 0.9484-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 0.589. இதில் ஒரு சிறு பிழை இருக்கிறது, ஏனென்றால் பத்தில் ஒரு விநாடிக்குள் இரண்டு மின்னல்கள் விழக்கூடும். இன்னும் பொடியாக, விநாடியை நூறாக வெட்டினால் 0.596 வரும். ஆயிரமாக வெட்டினால் 0.597. அதற்கு மேல் எவ்வளவு பொடியாக வெட்டினாலும் மூன்றாம் தசம இடம் அசையாது.

இந்தப் பெருக்கல் போய் நிற்கும் இடத்தைக் கணிதம் நன்றாக அறியும். t விநாடியை n துண்டாக வெட்டினால் விழாத வாய்ப்பு (1 − λt/n) என்பதன் n-ஆம் அடுக்கு. n-ஐ எல்லையின்றி உயர்த்தினால் அது e^(−λt) ஆகிறது. இங்கே e என்பது 2.718... என்று போகும் அந்தப் பழைய மாறிலி. ஆகவே காத்திருப்பு t விநாடியைத் தாண்டும் வாய்ப்பு e^(−λt). அது t விநாடிக்குள் முடிந்துவிடும் வாய்ப்பு மிச்சம் உள்ளது:

```
F(t) = 1 − e^(−λt)
```

இதுதான் அடுக்குக்குறிப் பரவல். இதை வைத்து 57-ஐ உடனே சோதிக்கலாம். ஏழரை விநாடிக்கு λt-யின் மதிப்பு 3.87. ஒரு மின்னலும் விழாத வாய்ப்பு e^(−3.87), ஏறக்குறைய 0.0208. இதை 2608 துண்டுகளால் பெருக்கினால் 54. மான்செஸ்டரில் எண்ணியது 57. இப்படிப்பட்ட எண்ணிக்கையில் ஏழெட்டு கூடக் குறைய வருவது சாதாரணம், ஆகவே பொருத்தம் அருமை. ரூதர்ஃபோர்டின் கட்டுரையுடன் ஹாரி பேட்மன் என்ற கணிதவியலர் எழுதிய குறிப்பு ஒன்று சேர்ந்து வந்தது. துண்டில் இத்தனை மின்னல் விழ இவ்வளவு வாய்ப்பு என்ற சூத்திரத்தை அதில் அவர் வருவித்திருந்தார். இன்று பாய்சான் பரவல் என்று வகுப்பில் படிக்கிறோமே, அதுதான் அது. துண்டுக்கு எத்தனை என்று எண்ணினால் பாய்சான், இடைவெளி எவ்வளவு என்று அளந்தால் அடுக்குக்குறி. இரண்டும் ஒரே நாடாவைப் பற்றிய இரண்டு கேள்விகளின் விடைகள். மறு ஆண்டே மார்ஸ்டனும் பாரட்டும் அந்த இடைவெளிகளையே எடுத்து ஆராய்ந்தார்கள்.

பரவல் தெரிந்துவிட்டது. சீரான எண்ணை இந்தப் பரவலுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் மிச்சம்.

F(t) என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். F(t) = 0.37 என்றால், எல்லாக் காத்திருப்புகளிலும் 37 சதவீதம் t-க்குள் முடிந்துவிடும் என்று பொருள். நுழைவுத் தேர்வு முடிவில் மதிப்பெண்ணுடன் பர்சன்டைல் என்று ஒன்று கொடுப்பார்களே, F செய்வது அதே வேலை. மதிப்பெண்ணைக் கொடுத்தால், அதற்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் என்று சொல்லும். இப்போது திருப்பிக் கேளுங்கள். தேர்வு எழுதியவர்களில் ஒருவரைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால் அவருடைய பர்சன்டைல் என்னவாக இருக்கும்? 0 முதல் 100 வரை எது வேண்டுமானாலும், எதற்கும் சலுகை இன்றி. வினாத்தாள் கடினமோ எளிதோ, மதிப்பெண்கள் எங்கே குவிந்திருந்தாலும், பர்சன்டைல் மட்டும் எப்போதும் சீராகவே பரவியிருக்கும், ஏனென்றால் அது வரிசையில் ஓர் இடம் மட்டுமே.

முறை முழுவதும் இதற்குள் இருக்கிறது. கணினி தரும் சீரான எண்ணை வரிசையின் இடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் நிற்கும் காத்திருப்பு நேரம் எது என்று F-ஐப் பின்னோக்கிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். F-இன் நேர்மாறைப் பயன்படுத்துவதால் இதற்கு நேர்மாறு மாற்ற முறை என்று பெயர்.

நிரூபணம் ஒரே வரிதான். சீரான எண்ணை U என்றும், அதிலிருந்து கிடைக்கும் காத்திருப்பை T என்றும் வைப்போம். F(T) = U ஆகும்படி T-ஐத் தேர்ந்தெடுக்கிறோம். F ஏறிக்கொண்டே போகும் சார்பு. ஆகவே T, t-க்குள் இருப்பதும் U, F(t)-க்குள் இருப்பதும் ஒன்றே. சீரான எண் F(t)-க்குள் விழும் வாய்ப்பு F(t)-தான், சீரானது என்பதன் பொருளே அது. எனவே T, t-க்குள் இருக்கும் வாய்ப்பு F(t). நமக்கு வேண்டியதும் அதுவே.

இனிப் பள்ளி இயற்கணிதம். U = 1 − e^(−λT) என்று எழுதி, e^(−λT) = 1 − U என்று மாற்றி, இரு பக்கமும் இயல் மடக்கை எடுத்தால்:

```
T = −ln(1 − U) / λ
```

இவ்வளவுதான் சூத்திரம். 1 − U எப்போதும் ஒன்றுக்குக் குறைவான எண், அதன் மடக்கை குறை எண். முன்னால் உள்ள குறைக்குறி அதை மிகையாக்கிவிடுகிறது. 1/λ என்பது சராசரிக் காத்திருப்பு, நமக்கு 1.937 விநாடி. ஆகவே சூத்திரத்தை இப்படியும் படிக்கலாம்: சராசரியை −ln(1 − U) என்ற தற்செயல் காரணியால் பெருக்கு.

கையாலேயே ஒரு நாடாவை ஓட்டிப் பார்ப்போம். கணினி தந்த எண்கள் 0.37, 0.08, 0.91, 0.62, 0.23, 0.55 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணுக்கு 1 − U என்பது 0.63. அதன் இயல் மடக்கை −0.462. குறியை மாற்றி 1.937-ஆல் பெருக்கினால் 0.89 விநாடி. அடுத்தது 0.08. அதற்கு 0.92-இன் மடக்கை −0.083, காத்திருப்பு 0.16 விநாடி மட்டுமே. மூன்றாவது 0.91. 0.09-இன் மடக்கை −2.408, காத்திருப்பு 4.66 விநாடி. மற்ற மூன்றும் இதே வழியில் 1.87, 0.51, 1.55 என்று வருகின்றன.

இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் மின்னல்கள் விழுந்த நேரங்கள் கிடைக்கும்: 0.89, 1.05, 5.71, 7.58, 8.09, 9.64. ஏழரை விநாடியில் ஒரு கோடு போடுங்கள். முதல் துண்டில் மூன்று மின்னல்கள். நான்காவது மயிரிழையில் தவறி அடுத்த துண்டில் விழுந்துவிட்டது. முதல் இரண்டும் நெருங்கி வந்ததையும், பிறகு நாலரை விநாடிக்கு மேல் திரை சும்மா கிடந்ததையும் கவனியுங்கள். நாம் கொடுத்த எண்களில் அப்படி எந்தக் கொத்தும் கிடையாது. மடக்கைதான் சீரான எண்களை இப்படி ஒரு பக்கம் நெருக்கியும் ஒரு பக்கம் இழுத்தும் வைத்தது. U 0.1-க்குக் கீழே இருக்கும் பத்தில் ஒரு பங்கு எண்கள் எல்லாம் முதல் 0.2 விநாடிக்குள் நெருக்கிக்கொண்டு வந்து விழுகின்றன. 0.9-க்கு மேலே இருக்கும் அதே பத்தில் ஒரு பங்கு, 4.46 விநாடிக்கு அப்பால் எல்லையில்லாத தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது. நடுவில் நிற்கும் 0.5-க்கு 1.34 விநாடி. சராசரி 1.937 என்றாலும், பாதிக் காத்திருப்புகள் 1.34 விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. சில நீண்ட காத்திருப்புகள்தான் சராசரியை மேலே தூக்கிவிடுகின்றன.

2608 துண்டுகளுக்கும் செய்யக் கணினி வேண்டும். பைத்தான் மொழியில் இது பத்து வரி:

```python
import math, random

rate = 10097 / (2608 * 7.5)
counts = [0] * 2608
t = 0.0
while True:
    t += -math.log(1 - random.random()) / rate
    if t >= 2608 * 7.5:
        break
    counts[int(t // 7.5)] += 1

print(sum(counts), counts.count(0), counts.count(4))
```

ஓட்டினால் மூன்று எண்கள் வரும்: மொத்த மின்னல்கள், வெற்றுத் துண்டுகள், நான்கு மின்னல் விழுந்த துண்டுகள். ஒவ்வொரு முறையும் அவை மாறும். மொத்தம் 10,097-ஐச் சுற்றி நூறு கூடக் குறைய இருக்கும். வெற்றுத் துண்டுகள் 54-ஐச் சுற்றி வரும், நான்கு மின்னல் துண்டுகள் 508-ஐச் சுற்றி வரும். ரூதர்ஃபோர்டும் கைகரும் எண்ணிய 57-உம் 532-உம் இந்தப் போலித் திரை தரக்கூடிய விடைகளில் இயல்பாகவே அடங்கிவிடும். நிரலில் வெற்றுத் துண்டைப் பற்றி எதையும் நாம் முன்கூட்டிச் சொல்லிவைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீதம் ஒன்றைத்தான் கொடுத்தோம்.

இந்தப் பத்து வரியில் தவறு எங்கே நுழையும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நுழையும் தவறுகள் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை.

அடிக்கடி நடப்பது வீதத்தையும் சராசரியையும் மாற்றிக் கொடுப்பது. பைத்தானில் இந்த வேலைக்கென்றே `random.expovariate` என்ற கட்டளை உண்டு, அது வீதத்தைக் கேட்கும். `numpy.random.exponential` என்று இன்னொன்று உண்டு, அது சராசரியைக் கேட்கும். முதலாவதற்குப் பழகிய கை இரண்டாவதிலும் 0.516 என்று எழுதிவிடும். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும். ஆனால் மொத்த மின்னல்கள் 10,000-க்குப் பதிலாக 37,900 அளவில் வந்து நிற்கும். மடக்கையில் பத்தடிமான மடக்கையைப் போட்டுவிட்டாலும் இதே கதைதான். காத்திருப்புகள் எல்லாம் 2.3 மடங்கு சுருங்கி, மொத்தம் 23,000-ஐத் தாண்டிவிடும். இரண்டையும் பிடிக்க எளிய வழி, முதல் வேலையாக விளைந்த காத்திருப்புகளின் சராசரியைப் பார்ப்பது.

இதைவிட நுட்பமான தவறு U-வின் விளிம்பில் இருக்கிறது. U சரியாக 1 ஆகிவிட்டால் பூஜ்யத்தின் மடக்கையைக் கேட்கிறோம், அது முடிவிலி. பைத்தானின் `random.random()` பூஜ்யத்தைத் தரக்கூடும், 1-ஐ ஒருபோதும் தராது. அதனால்தான் நிரலில் `1 - random.random()` என்று எழுதியிருக்கிறோம். கணக்கின்படி பார்த்தால் U சீரானது என்றால் 1 − U-வும் சீரானதே, ஆகவே `log(U)` என்று சுருக்கி எழுதினாலும் பரவல் மாறாது. ஆனால் பூஜ்யம் வர வாய்ப்புள்ள பக்கத்தை மடக்கைக்குள் வைப்பது, என்றோ ஒரு நாள் வெடிக்கும். `expovariate` கட்டளைக்குள்ளும் இதே காரணத்துக்காக 1-இலிருந்து கழித்துத்தான் மடக்கை எடுக்கிறார்கள்.

சி மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல்களில் இது கோட்பாட்டளவில் நிற்கும் பயம் அல்ல. `rand()` என்ற கட்டளை சில கணினிகளில் 0 முதல் 32,767 வரையிலான முழு எண்களையே தரும். அதை 32,767-ஆல் வகுத்து U ஆக்கினால், சராசரியாக 32,768 முறைக்கு ஒரு முறை U சரியாக 1 ஆகும். அப்போது காத்திருப்பு முடிவிலி. நம் நிரலைப் போல ஒன்றில் கடிகாரம் ஒரே தாவலில் முடிவைத் தாண்டிவிடும், சுற்று பாதியிலேயே அமைதியாக நின்றுவிடும், மிச்சத் துண்டுகள் எல்லாம் வெறுமையாகக் கிடக்கும். வெற்றுத் துண்டுகள் 54-க்குப் பதில் திடீரென்று 800 என்று வந்தால் இங்கேதான் தேட வேண்டும். விளிம்பைச் சரிசெய்துவிட்டாலும் அந்தக் கரடுமுரடான எண்களில் இன்னொரு குறை மிஞ்சும். 1 − U-வின் மிகச்சிறிய மதிப்பு 32,768-இல் ஒரு பங்கு என்றால், மிக நீண்ட காத்திருப்பு சராசரியைப்போல் 10.4 மடங்குதான், அதாவது நம் திரையில் 20 விநாடி. அதற்கு மேல் ஒரு காத்திருப்பும் பிறக்காது. பைத்தானின் எண்கள் இதைவிட மிக நுண்ணியவை. அவற்றில் எல்லை சராசரியைப்போல் 36.7 மடங்கில் வருகிறது. அதைத் தாண்டும் வாய்ப்பே ஒன்பதாயிரம் லட்சம் கோடியில் ஒன்று என்பதால் நம் வேலைக்கு அது ஒரு குறையே அல்ல.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. வந்த காத்திருப்பு நேரங்களை எடுத்து F-க்குள் மறுபடி போடுங்கள். பர்சன்டைல்கள் திரும்பி வரும். அவற்றை 0–0.1, 0.1–0.2 என்று பத்துப் பெட்டிகளில் எண்ணுங்கள். பத்தாயிரம் காத்திருப்புகள் இருந்தால் பெட்டிக்கு ஏறக்குறைய ஆயிரம், முப்பது கூடலாம், முப்பது குறையலாம், எப்போதாவது அறுபது. வீதம் தவறாக இருந்தால் ஒரு பக்கப் பெட்டிகள் நிரம்பி வழியும். நாம் முதலில் பார்த்த சீரான காத்திருப்பு முறையைப் போட்டால், முதல் பெட்டி ஏறக்குறைய பாதிக்குக் குறைந்துபோகும், கடைசிப் பெட்டி முழுக் காலியாகவே இருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: நிரலில் சேர்த்துவைத்த U-வையே திரும்ப எடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. காத்திருப்பு நேரங்களிலிருந்து தனியாகக் கணக்கிட வேண்டும். இதே சோதனையை உண்மையான நாடாவில் அளந்த இடைவெளிகளுக்கும் செய்யலாம். அங்கே முதல் பெட்டி மட்டும் குறைந்திருந்தால், கண்ணும் கையும் அடுத்தடுத்து வந்த மின்னல்களைத் தவறவிட்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

முறையின் எல்லை அதன் அனுமானத்திலேயே இருக்கிறது. வீதம் மாறாமல் இருக்க வேண்டும். பொலோனியத்தின் அரைவாழ்வு 138 நாள், ஆகவே அதன் வீரியம் நாளொன்றுக்கு அரை சதவீதம் குறையும். ரூதர்ஃபோர்டும் கைகரும் இதை அறிந்தே, நாள்தோறும் பொலோனியத்தைத் திரைக்குச் சற்று நெருக்கமாக நகர்த்தி வீதத்தைச் சமமாக வைத்துக்கொண்டார்கள். நகர்த்தாமல் விட்டிருந்தால் சூத்திரமும் சற்று மாற வேண்டியிருக்கும். அப்போது λt என்ற இடத்தில், தொடக்கம் முதல் அதுவரை சேர்ந்த வீதத்தின் மொத்தத்தை வைக்க வேண்டும். அந்த மொத்தம் எப்போது −ln(1 − U) என்ற அளவைத் தொடுகிறதோ அப்போது மின்னல். வீதம் மாறும் தொலைபேசி அழைப்புகளுக்கும் கடை வாசல் கூட்டத்துக்கும் இதுதான் வழி. காலை பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் ஒரே λ-வைப் போட்டுவிட்டு விடை பொருந்தவில்லை என்று முறையைக் குறைசொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆல்ஃபா துகளுக்குச் சொன்னது பொருளுக்குள் ஓடும் நியூட்ரானுக்கும் அப்படியே பொருந்தும், விநாடிக்குப் பதில் தூரம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு பொருளுக்குள் நுழைந்த நியூட்ரான் அடுத்த மோதல் வரை எவ்வளவு தூரம் போகும்? ஒவ்வொரு சிறு அடியிலும் மோதும் வாய்ப்பு சமம், ஆகவே தூரமும் அடுக்குக்குறிப் பரவல்தான். லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லா உலாமும் ஜான் வான் நாய்மனும் நியூட்ரான்களின் பாதையைக் கணினியில் தற்செயல் எண்களால் பின்தொடரத் திட்டமிட்டபோது இந்தக் கேள்வி நேராக எதிரே வந்தது. 1947 மே மாதம் உலாமுக்கு எழுதிய கடிதத்தில் வான் நாய்மன், சீரான எண்களை வேண்டிய பரவலுக்கு மாற்ற நேர்மாறுச் சார்பைப் பயன்படுத்தும் வழியைச் சொல்கிறார். நேர்மாறு எளிதாகக் கிடைக்காத பரவல்களுக்கு, எண்களை எடுத்துப் பார்த்துச் சிலவற்றைத் தள்ளிவிடும் வேறொரு வழியையும் அதிலேயே சொல்கிறார்.

அந்த இரண்டாவது வழி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அடுக்குக்குறிப் பரவலில் F-ஐத் திருப்புவது இரண்டு வரி இயற்கணிதம். மணி வடிவ இயல்நிலைப் பரவலில் F-ஐயே முடிந்த வடிவில் எழுத முடியாது, பிறகு எங்கே திருப்புவது? தோராயச் சூத்திரங்களும் எண்முறைத் தேடலும்தான் கைகொடுக்கும். மேலும் அன்றைய கணினிகளுக்கு மடக்கை என்பதே பெரிய சுமை. 1951-இல் வெளியான கட்டுரையில் வான் நாய்மன், மடக்கையே எடுக்காமல் அடுக்குக்குறிக் காத்திருப்பை உருவாக்கும் வழி ஒன்றைக் கொடுத்தார். சீரான எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தையதைவிடச் சிறியதாக இருக்கும்வரை தொடர்ந்து, சரிவு முறிவதற்குள் எத்தனை எண்கள் வந்தன என்று பார்க்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் முதல் எண்ணை விடையாக வைத்துக்கொள்ளலாம். இரட்டைப்படை என்றால் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். பெரிது சிறிது பார்ப்பதைத் தவிர அதில் வேறு வேலை கிடையாது, இருந்தும் வெளியே வருவது −ln(1 − U) தரும் அதே பரவல்தான்.